20-உம் 25-உம் காட்டிக்கொடுத்த திறவுச்சொல்

மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிக்க எங்கள் மாணவர்களுக்குத் தெரியும். எதற்காகக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். கயிற்றை வெட்டுவது, பழத்தைக் கூடையில் அடுக்குவது என்று பாடநூல் வழக்கமாகச் சொல்லும் விடைகள் அவர்களை அவ்வளவாகக் கவர்வதில்லை. அதனால் தென்காசிப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு மறைகுறியீட்டின் வழியாக இதைக் கொண்டுபோனேன். அந்தப் பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்துகளை வைத்துக்கொள்ளவில்லை. தமிழ் இலக்கணம் முதலெழுத்து முப்பது என்கிறது. அதுவே போதும். அ முதல் ஔ வரை 1 முதல் 12. க் முதல் ன் வரை 13 முதல் 30. உயிர்மெய்யைப் பிரித்து, மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் எழுத வேண்டும். ‘நீர்’ என்பது ந், ஈ, ர். அதாவது 20, 4, 24. தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் சேர்ந்து நடத்த ஏற்ற பாடம் இது.

முதலில் எளிய முறை. ஒவ்வோர் எண்ணுடனும் 3 கூட்டுவோம். 30-ஐத் தாண்டினால் 30-ஐக் கழிப்போம். இதை உடைப்பது கடினமில்லை. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் போதும். 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் அறிஞர் அல் கிந்தி இந்த வழியை எழுதிவைத்துவிட்டார். தமிழில் அ, இ, உ ஆகிய குறில்கள் அடிக்கடி வரும். மறைகுறியில் எந்த எண் அதிகமோ அது இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகுதி. வேடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது.

அந்த எண்ணிக்கையைக் குலைக்கத்தான் திறவுச்சொல் வந்தது. எல்லா எழுத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டாமல், ஒரு சொல்லின் எழுத்துகளை வரிசையாகத் திரும்பத் திரும்பக் கூட்டுவது. இத்தாலியரான பெல்லாசோ 1553-இல் இதை வெளியிட்டார். பெயர் மட்டும் பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர் விழனேருக்குப் போய்விட்டது. உடைக்கவே முடியாத முறை என்று இதை மூன்று நூற்றாண்டுகள் நம்பினார்கள்.

நாங்கள் எடுத்த திறவுச்சொல் ‘சாரல்’. ச், ஆ, ர், அ, ல். எண்களில் 15, 2, 24, 1, 25. மறைத்த செய்தி: ‘ஐந்தருவியில் நீர் குறைவு பேரருவியில் நீர் வருகிறது சிற்றருவியில் நீர் இல்லை’. மொத்தம் 63 எழுத்துகள். முதல் எழுத்து ஐ, 9. அதனுடன் 15 சேர்ந்தால் 24. இரண்டாவது ந், 20. அதனுடன் 2 சேர்ந்தால் 22. மூன்றாவது த், 19. அதனுடன் 24 சேர்ந்தால் 43. 30 போக 13. இப்படியே போனால் வரிசைக்குப் பத்தாகக் கிடைப்பது இது:

```
24 22 13  2 19 20 28 27 24 28
10 22 28 25  8 20  1  3 27 30
 6 10 18  2 19 20 28 27 24 28
10 22 28 25 21 16 26 29 14 28
14  3 13  6 10 18  1 23  2 19
20 28 27 24 28 10 22 28 25 28
10 27  3
```

இதை மட்டும் கரும்பலகையில் எழுதி, செய்தி குற்றாலத்தைப் பற்றியது என்று சொன்னேன். எல்லாரும் உடனே எண்ணத் தொடங்கினார்கள். 28 பதினொரு முறை வருகிறது. ‘28தான் இ’ என்றது ஒரு குழு. அது முழுத் தவறும் இல்லை, சரியும் இல்லை. அந்தப் பதினொன்றில் ஐந்து இடங்களில் இ, மூன்று இடங்களில் வ், மூன்று இடங்களில் ஈ ஒளிந்திருக்கின்றன. மறுபக்கம், செய்தியில் ஒன்பது முறை வரும் இ-யோ 28, 27, 18 என்று மூன்று வேடம் போட்டிருக்கிறது. ஓர் எண்ணுக்குப் பல எழுத்து, ஓர் எழுத்துக்குப் பல எண். எண்ணிக்கை இங்கே ஏமாற்றிவிடும். இந்த இடத்தில் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாமல், மாணவர்கள் சற்றுத் திணறட்டும் என்று விடுவது நல்லது.

இனி எண்ணிக்கையை விட்டுவிட்டு இடைவெளியைப் பார்ப்போம். 2 19 20 28 27 24 28 10 22 28 25 என்ற பதினொரு எண்கள் அதே வரிசையில் மூன்று முறை வருகின்றன. தொடங்கும் இடங்கள் 4, 24, 49. இடைவெளி 20, 25. ஒரே சொல் இரண்டு இடங்களில் வந்து, இரண்டு முறையும் திறவுச்சொல்லின் அதே எழுத்தின் கீழ் விழுந்தால், மறைகுறியும் ஒன்றாகத்தான் இருக்கும். அப்படி விழ வேண்டுமானால் இடைவெளி திறவுச்சொல்லின் நீளத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 20-க்கும் 25-க்கும் மீ.பொ.கா. 5. திறவுச்சொல்லுக்கு ஐந்து எழுத்து.

இதைப் பிரஷ்ய ராணுவ அதிகாரி கசிஸ்கி 1863-இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் சில ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்திருந்தும் வெளியிடவில்லை.

இந்த நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, “சார், 6 10 18-ம் ரெண்டு தடவ வருது. 21-லயும் 44-லயும். 23 மட்டும் ஒத்துவர மாட்டேங்குது” என்றாள். சரியான கேள்வி. முதல் இடத்தில் இருப்பது பேரருவியின் ப், ஏ, ர். இரண்டாவது இடத்தில் இருப்பது ‘வருகிறது’ என்பதன் கடைசி உ-வும் ‘சிற்றருவி’யின் ச், இ-யும். வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு நகர்த்தல்கள், விடை மட்டும் தற்செயலாக ஒன்று. 23-ஐயும் சேர்த்து மீ.பொ.கா. எடுத்தால் 1 வந்து எல்லாம் கெட்டுவிடும். அதனால் கிடைத்த எல்லா இடைவெளிகளையும் கண்ணை மூடிக்கொண்டு கணக்கில் சேர்க்கக் கூடாது. பதினொரு எண்கள் தற்செயலாக ஒத்துப்போவது நடக்காத காரியம். இரண்டு மூன்று எண்கள் ஒத்துப்போவது நடக்கும். நீளமான தொடரை நம்ப வேண்டும். குறுந்தொடர் மற்றவற்றோடு ஒத்துவராவிட்டால் தள்ளிவிட வேண்டும்.

நீளம் தெரிந்தபின் மறைகுறியை ஐந்து பத்திகளாகப் பிரித்து எழுதலாம். ஒவ்வொரு பத்தியிலும் ஒரே நகர்த்தல்தான். பழைய எண்ணிக்கை முறை மீண்டும் செல்லும். ஆனால் நம் செய்தியில் பத்திக்குப் பன்னிரண்டு பதின்மூன்று எழுத்துகளே இருப்பதால் எண்ணிக்கை தெளிவாகப் பேசாது. எனவே ஊகத்துக்குப் போனோம். குற்றாலச் செய்தியில் மூன்று முறை வரும் சொல் எது? ‘அருவியில்’ என்றார்கள். அதன் எண்கள் 1, 24, 5, 26, 3, 23, 3, 25. தொடரின் முதல் எட்டு எண்களிலிருந்து இவற்றைக் கழித்தோம். குறைந்தால் 30 சேர்த்துக்கொண்டோம். வந்தவை 1, 25, 15, 2, 24, 1, 25, 15. எழுத்தில் அ, ல், ச், ஆ, ர், அ, ல், ச். ஐந்தாவதுக்குப் பின் அதுவே திரும்புகிறது. ஊகம் சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தவறான சொல்லை ஊகித்திருந்தால் இப்படித் திரும்பியிருக்காது. நான்காம் இடத்தில் தொடங்கியதால் அ முன்னால் நிற்கிறது. வரிசையைச் சுழற்றினால் சாரல்.

வகுப்பில் செய்துபார்ப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். செய்தியில் ‘சிற்றருவி’க்குப் பதில் ‘புலியருவி’ என்று எழுதியிருந்தால் ஓர் எழுத்து கூடி, இடைவெளி 26 ஆகியிருக்கும். மூன்றாவது தொடர் மறைந்துபோயிருக்கும். மிஞ்சும் ஒரே இடைவெளி 20. அதன் காரணிகளில் 2, 4, 5, 10, 20 எதுவும் நீளமாக இருக்கலாம்; ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஆகவே குழுக்களுக்குக் கொடுக்கும் செய்தி அறுபது எழுத்துகளுக்குக் குறையாமலும், ஒரு சொல் மூன்று நான்கு முறை வருவதாகவும் இருக்கட்டும். இன்னொன்று, மீ.பொ.கா. எப்போதும் திறவுச்சொல்லின் நீளமாகவே இருக்காது. அதன் மடங்காகவும் வரலாம். இடைவெளிகள் 24-உம் 36-உம் கிடைத்து மீ.பொ.கா. 12 வந்தால், உண்மையான நீளம் 6 ஆகவும் இருக்கலாம். பன்னிரண்டு பத்திகளாகப் பிரித்துக் கண்டுபிடித்த திறவுச்சொல்லில் ஒரே சொல் இருமுறை எழுதியிருப்பதைப் பார்த்ததும் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.