ஒரு கணினியில் ஓடும் விளையாட்டு இருபதிலும் ஓடுமா?

கீழ்க்கட்டளைப் பகுதியில் பணிபுரியும் ஆசிரியர்கள் கூடும்போது ஆய்வகத்தைப் பற்றிய ஒரு பேச்சு தவறாமல் வரும். ஆசிரியர் முதல் நாள் ஒரு கணினியில் இணைய விளையாட்டைத் திறந்து பார்க்கிறார், நன்றாக ஓடுகிறது. மறுநாள் நாற்பது பேரை அழைத்துச் சென்றால் பாதித் திரைகளில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது பெரும்பாலும் கணினியின் பழுதால் வருவதில்லை. ஒன்றில் சோதித்துவிட்டு இருபதில் நடத்துவதால் வருவது. வகுப்புக்கு முன்பே இதைக் கணக்கிட்டுவிடலாம்.

முதலில் அந்த விளையாட்டு எவ்வளவு தரவை இறக்குகிறது என்று பார்க்க வேண்டும். குரோம் உலாவியில் F12 விசையை அழுத்தி, Network என்ற பகுதிக்குச் சென்று, Disable cache என்பதில் குறியிட்டுப் பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். இந்தக் குறி மிக முக்கியம். நீங்கள் முன்பே திறந்து பார்த்த கணினியில் கோப்புகள் சேமிப்பில் இருக்கும். அது வேகமாகத் திறப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். விளையாட்டு முழுதாகத் திறந்தபின் அடியில் transferred என்ற சொல்லோடு ஓர் எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இணைய வேகம். காலையில் வருகைப் பதிவை எமிஸில் ஏற்றும் நேரமும், யாரும் இல்லாத மாலை நேரமும் ஒன்றல்ல. உங்கள் பாடவேளை எதுவோ, அதே நேரத்தில் அளக்க வேண்டும். மாலையில் 20 எம்பிபிஎஸ் காட்டும் இணைப்பு, காலையில் 8 மட்டுமே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டின் அளவு 12 எம்பி, கணினிகள் 20. மொத்தம் 240 எம்பி. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டால் பெருக்கி, வேகமான எட்டால் வகுத்தால் 240 வினாடி, அதாவது 4 நிமிடம். இது சமாளிக்கக்கூடியது. அதே இணைப்பில் 60 எம்பி விளையாட்டு என்றால் 20 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையில் பாதி போய்விடும். இதுவும் கோட்டுவேகம் முழுதாகக் கிடைத்தால் மட்டுமே. நடைமுறையில் இதைவிடக் கூடத்தான் ஆகும்.

இணையம் போதுமென்றால் கணினியைப் பார்க்கலாம். ஆய்வகத்தில் உள்ளதிலேயே மெதுவான கணினியைத் தேர்ந்தெடுங்கள். நல்லதைச் சோதிப்பதில் பயனில்லை. முகவரிப் பட்டையில் chrome://gpu என்று தட்டினால் வரும் பட்டியலில் WebGL என்ற வரியைப் பாருங்கள். அதில் Hardware accelerated என்றிருந்தால் வரைகலைச் சில்லு வேலை செய்கிறது. Software only என்றிருந்தால் படம் முழுவதையும் செயலியே வரைய வேண்டும், அசைவுகள் திணறும். பிறகு விளையாட்டைத் திறந்து வைத்து Shift, Esc இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். எந்தத் தாவல் எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று குரோமே காட்டும். 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் இயங்குதளமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். நினைவகம் தீர்ந்துவிட்டதை அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு: வன்தட்டு விளக்கு அணையாமல் எரியும், சுட்டியால் இழுத்த பொருள் சற்றுப் பின்தங்கி வரும்.

விண்டோஸ் 7 உள்ள கணினிகளில் குரோம் 109-க்கு மேல் புதுப்பிக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஃபிளாஷில் செய்த பழைய விளையாட்டுகளைத் தேடவே வேண்டாம். 2020 டிசம்பரோடு ஃபிளாஷின் காலம் முடிந்துவிட்டது.

சில ஆய்வகங்களில் மேசைமேல் இருப்பது முழுக் கணினியே அல்ல. தின் கிளையன்ட் எனப்படும் சிறு பெட்டிகள் பல, ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும். அங்கே ஒரு திரையில் செய்யும் சோதனை எதையும் சொல்லாது. ஒரு தாவல் உலாவியோடு சேர்த்து 500 எம்பி எடுத்தால் இருபது திரைக்கு 10 ஜிபி வேண்டும். சர்வரில் மொத்தமே 8 ஜிபி என்றால் அந்த விளையாட்டை விட்டுவிடுவதே மேல். எந்த வகை ஆய்வகமானாலும் ஐந்து, பிறகு பத்து என்று படிப்படியாகத் திறந்து பார்ப்பதே நம்பகமான வழி. மாணவர்கள் இல்லாத பத்து நிமிடம் போதும்.

கணக்கு எதிராக வந்தால் விளையாட்டையே மாற்றலாம். கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனைகள் phet.colorado.edu தளத்தில் இலவசம்; பல தமிழிலும் உள்ளன. புதிய வடிவில் உள்ளவற்றை ஒரே கோப்பாகத் தரவிறக்கலாம். அதைப் பென் டிரைவில் எடுத்து ஒவ்வொரு கணினியிலும் இட்டால் இணையமே இல்லாமல் உலாவியில் திறக்கும். தொடக்க வகுப்புகளுக்கு ஜிகாம்ப்ரி இருக்கிறது. ஒருமுறை நிறுவினால் போதும்.

இரண்டுமே ஓடாத கணினிகளை ஒதுக்கிவிட்டு, பத்து நன்றாக ஓடினால் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு கணினிக்கு இருவர் என்று அமர்த்துங்கள். ஒரு அணி விளையாடும் 20 நிமிடத்தில் மற்ற அணி அதே கணக்கைத் தாளில் செய்யட்டும்.