சிறுகதையில் காது கேளாத பாத்திரம்

நம் சிறுகதைகளில் காது கேளாத பெண் ஒருத்தி வந்தால் பெரும்பாலும் அவளுக்கு இரண்டே முடிவுகள்தான் காத்திருக்கும். ஒன்று, கடைசிப் பக்கத்தில் அவளுக்குக் காது கேட்டுவிடும். இல்லாவிட்டால், மற்றவர்கள் மனம் திருந்துவதற்காக அவள் இறந்துபோவாள். அவளுக்கு எந்தக் கறி பிடிக்கும், யார்மேல் பொறாமை, கையில் காசு வந்தால் என்ன செய்வாள் என்று கதை முழுவதும் தேடினாலும் கிடைக்காது. நல்லவள், பாவம், அவ்வளவுதான். கதை எழுதத் தொடங்கியிருக்கும் மாணவிகளுக்காக, கேளாமை ஒரு கதையில் எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற ஒரு கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு பழைய திரைப்படம். குல்சார் 1972இல் எடுத்த 'கோஷிஷ்' என்ற இந்திப் படத்தில் கணவன், மனைவி இருவருக்குமே காது கேட்காது, பேச்சும் வராது. இதே கதைதான் 1977இல் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்து 'உயர்ந்தவர்கள்' என்று தமிழில் வந்தது. இந்திப் படத்தில் அவர்களுடைய முதற் குழந்தை ஒரு மழை இரவில் இறந்துபோகிறது. அதன் அழுகை பெற்றோருக்குக் கேட்கவில்லை. பார்ப்பவர் கண்ணீர் விடுவார்கள். ஆனால் அந்த இடத்தில் கணவனும் மனைவியும் எதையும் தீர்மானிப்பதில்லை, கேளாமைதான் எல்லாவற்றையும் செய்து முடிக்கிறது.

அதே படத்தில் இன்னோர் இடம் உண்டு. அடுத்த குழந்தை பிறக்கிறது. அதற்குக் காது கேட்குமா என்று பார்க்க அவர்கள் கிலுகிலுப்பையை ஆட்டுகிறார்கள். குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் இடிந்துபோகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, அந்தக் கிலுகிலுப்பையில் சத்தமே வராது என்பது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. கேளாமை இங்கேயும் வேலை செய்கிறது. காது கேட்கும் பெற்றோருக்கு இந்தக் காட்சியே நடக்காது. ஆனால் காட்சியை நடத்துவது அவர்களுடைய ஆசையும் பயமும். தாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளையும் படக்கூடாதே என்ற தவிப்பு எந்தப் பெற்றோருக்கும் உரியது. அது இவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய ஒரு வழியில் வெளிப்படுகிறது. மழை இரவைவிட இந்தக் கிலுகிலுப்பை எனக்குப் பத்து மடங்கு பெரிது.

நம் தலைமுறை பார்த்த படம் ராதாமோகனின் 'மொழி' (2007). ஜோதிகா நடித்த அர்ச்சனாவை நாயகன் முதலில் காண்பது, தெருவில் மனைவியை அடிக்கும் ஒருவனை அவள் எதிர்த்து நிற்கும்போது. அவளுக்குக் காது கேட்காது என்பது அவனுக்கும் நமக்கும் பிறகுதான் தெரிகிறது. இந்த வரிசைதான் பாடம். முதலில் கோபக்காரி, அடுத்து தோழி, அதற்குப் பிறகே கேளாதவள். அவள் திருமணத்தை மறுப்பதற்குக் காரணமும் காது என்று ஒரு சொல்லில் முடிவதில்லை. அவள் இப்படிப் பிறந்ததால் தகப்பன் தாயை விட்டுப் போனான், ஆகவே அவளுக்கு ஆண்களின் வாக்கில் நம்பிக்கை இல்லை. கடைசியில் காது குணமாவதும் இல்லை. இசைக்கலைஞன் ஒருவனைக் கேளாத பெண்ணோடு சேர்த்து வைத்தது கொஞ்சம் திட்டமிட்டு வைத்த பொருத்தம் என்றுதான் எனக்குப் படும். அர்ச்சனாவை அந்தப் பொருத்தம் விழுங்கிவிடவில்லை.

இவற்றிலிருந்து ஒரு சோதனையை எடுக்கலாம். எழுதி முடித்த கதையில் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று மனத்துக்குள் மாற்றிப் பாருங்கள். கதையே இல்லாமற் போனால், நீங்கள் எழுதியது ஒரு குறையைப் பற்றி, ஓர் ஆளைப் பற்றி அல்ல. ஒரு வரியும் மாறவில்லையென்றால் கேளாமை வெறும் ஒட்டு. சிக்கல் அப்படியே நின்று, ஒவ்வொரு காட்சியையும் திருப்பி எழுத வேண்டி வந்தால், சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

இனி நம்மூரில் ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். இடம் ஓர்ஸ் ஹில், அதாவது நம் வாயில் உவர்மலை. உட்துறைமுகம் தெரியும் ஒரு பழைய வீடு. காலம் 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன, நோன்புக்கு முந்திய நாட்கள். வீட்டில் இரண்டு பெண்கள். கிழக்கு மாகாணத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்கு என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். ராத்தாவுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது, வீட்டை முழுதாக அவள் பெயருக்கே உறுதி எழுதப் போகிறார்கள். இளையவள் சபீனாவுக்கு வயது பத்தொன்பது. அவளை யார் கேட்டு வரப்போகிறார்கள், ராத்தாவோடேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது வீட்டாரின் எண்ணம். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சபீனாவுக்கு வேண்டியது காதல்ல, வீட்டில் பாதி.

சோதனையைப் போடுங்கள். காது கேட்கும் தங்கையாக இருந்தாலும் ஒரு வீடும் இரண்டு பெண்களும் என்ற சண்டை நிற்கும். காட்சிகள் மட்டும் மாறும். எப்படி மாறும் என்று எழுதுவதற்கு நீங்கள் சில விடயங்களை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

முதலாவது, எப்போதிருந்து கேட்கவில்லை. பிறவியிலேயே கேட்காமல், யாழ்ப்பாணம் கைதடியிலுள்ள நஃபீல்ட் பாடசாலை போன்ற ஓரிடத்தில் படித்து வளர்ந்தவளுக்குச் சைகை மொழிதான் முதல் மொழியாக இருக்கக்கூடும். தமிழை அவள் எழுத்து வழியாக இரண்டாம் மொழிபோலக் கற்றிருப்பாள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து கேள்வி குறைந்தவள் வேறு. அவளிடம் அதற்குள் தமிழ் முழுதாக ஏறிவிட்டது, பேசுவாள், சண்டை பிடிப்பாள். குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் சற்றுத் தட்டையாகியிருக்கும். நம் சபீனா இந்த இரண்டாவது வகை. இரு காதுக்கும் பின்னால் கருவி அணிகிறாள், ஒரு பட்டரி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை போகும்.

இரண்டாவது, எதைக் கேட்கிறாள். எழுதுபவர் அதிகம் வழுக்கும் இடம் இது. கேளாமை என்பது ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பது போன்றதல்ல. சபீனாவுக்கு நேர்ந்த வகையில் பெரும்பாலும் மேல் சுருதி ஒலிகளே அதிகம் தொலையும். ஆ, ஊ போன்ற உயிரொலிகளும் ம, ன போன்றவையும் ஓரளவு வந்து சேரும். ச, ஸ, த, க, ப ஆகியவை கரைந்துபோகும். சொல்லின் எலும்பு அவைதான். அதனால் இப்படிப்பட்டவர்கள் "சத்தம் கேட்குது, சொல்லுத்தான் விளங்குதில்ல" என்பார்கள். இது புரிந்தால், கதையில் மாமி ஏன் கத்துகிறாள், கத்தியும் ஏன் பயனில்லை என்பது தானாக வரும். கத்தும்போது உயிரொலிதான் பெருக்கும். வாயும் கோணி, உதட்டைப் படிப்பதும் கெட்டுப்போகும்.

உதட்டைப் படிப்பது என்பது திரைப்படங்களில் வருவது போன்ற மந்திரம் அல்ல. தொண்டைப் பக்கம் பிறக்கும் ஒலிகள் வெளியே தெரியாது. தெரிபவற்றிலும் பல ஒன்றுபோல இருக்கும். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'வாப்பா' என்றும் 'வாம்மா' என்றும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே உதடு. கருவி காதில் இருந்தால் 'ம்ம்' என்ற ஒலி அவளைக் காப்பாற்றலாம். கருவி இல்லாத நேரத்தில் மாமி அன்பாக "வாம்மா" என்று கூப்பிட, சபீனா வாப்பாவைத் தேடிக்கொண்டு போவாள். இங்கே மாணவிகள் 'பணம்', 'மணம்' என்ற சோடியைப் பிடிப்பதுண்டு. உதட்டில் ஒன்றுதான், ஆனால் எந்த உம்மாவும் வீட்டில் 'மணம்' என்று சொல்வதில்லை. வீட்டுப் பேச்சிலிருந்து எடுங்கள்.

மூன்றாவது, முந்தானையும் முகத்திரையும். துணி கருவியின் மைக்கில் உரசினால் அவள் காதில் சரசரப்புத்தான். இறுக்கிக் கட்டினால் கருவி 'கீ' என்று கூவும், அது பக்கத்திலிருப்பவருக்கும் கேட்கும். முகம் மூடிய சிநேகிதியோடு அவள் எப்படிப் பேசுகிறாள்? பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் என்ன மாறுகிறது? இதை எழுத வேறு ஊர் எழுத்தாளர்களைவிட உங்களுக்குத்தான் வசதி.

இனி அந்த இரவுக் காட்சி. கரண்ட் இல்லை. முன் அறையில் மெழுகுதிரி, அதுவும் வாப்பாவின் முதுகுப் பக்கம். நொத்தாரிசிடம் எப்போது போவது என்று வாப்பாவும் மாமாவும் பேசுகிறார்கள். இருட்டில் உதடு தெரியாது. பகலில் சமாளிக்கும் சபீனா இரவில் முழுதாக வெளியே தள்ளப்படுகிறாள், யாரும் வேண்டுமென்று செய்யாமலே. பலர் இந்த இடத்தில் அவளைத் தலையணையில் முகம் புதைத்து அழ வைப்பார்கள். சபீனாவை அப்படி விட வேண்டாம். கடைக் கணக்கை எழுதுபவள் அவள்தான், உறுதியின் பிரதியைக் கோப்பில் பார்த்தவளும் அவள்தான். அங்கிருப்பவர்கள் பேசுவது அவளுக்குக் கேட்காவிட்டாலும், எதைப் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. காட்சியின் இறுக்கம் இங்கே இருக்கிறது.

அவளை நல்லவளாகவே வைத்திருக்கவும் வேண்டாம். ராத்தா புலம்பத் தொடங்கினால் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடும் பழக்கம் அவளுக்கு உண்டு. அது கொடுமை, ராத்தாவுக்கு வலிக்கும். கேட்டும் கேட்காததுபோல இருந்து காரியம் சாதித்தவளும் அவள்தான். அயல்வீட்டுக்காரி அவளைச் 'செவிடி' என்று சொல்லலாம், ஊர்வாய் அப்படித்தான். கதைசொல்லி அந்தச் சொல்லைத் தன் சொல்லாக்கக் கூடாது.

சபீனா எழுந்து போகிறாள். போனின் டார்ச்சைப் போட்டு, நடு மேசையில் வாப்பாவின் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிறுத்துகிறாள். எதிரில் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருகிறாள். "இப்ப சொல்லுங்க வாப்பா, எந்தப் பேருக்கு எழுதப் போறீங்க?" வாப்பா கண் கூசி முகத்தைத் திருப்புகிறார். திருப்பினால் அவளால் படிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அவர் திரும்பிப் பார்ப்பாரா என்பது எழுதுபவரின் முடிவு. எனக்கென்றால், வாப்பாவை விட்டுவிட்டு ராத்தாவைப் பேச வைப்பேன். அவள் வந்து அந்த வெளிச்சத்துக்குள் தன் முகத்தை வைத்து, கத்தாமல், "பாதி உனக்கு எண்டா நான் எங்க போற?" என்று கேட்கட்டும். அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.