பூனை எங்கே போனது? சிறுவர் கதையை மதிப்பிடுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

எடுத்துக்காட்டுக்கு ஒரு கைப்பிரதியைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வயதுக் குழந்தை தானே படிப்பதற்கு எழுதப்பட்டது. கதிர் என்ற பையன் பரணில் இருந்த பாட்டியின் மடக்குப் பல்லாங்குழியை எடுக்கிறான். அது விழுந்து, கீல் கழன்று, இரண்டாகிவிடுகிறது. பூனைதான் தள்ளியது என்கிறான். அன்று இரவு அவனுக்குக் காய்ச்சல் வருகிறது. பாட்டி அருகில் உட்கார்ந்து உண்மையின் பெருமையை ஒரு பக்கம் பேசுகிறார். அன்று முதல் கதிர் பொய்யே சொல்வதில்லை.

இப்படி ஒரு கதை கையில் வந்தால் சொல், வாக்கிய நீளம், நீதி என்று மூன்று தனிக் குறிப்புகள் எழுதத் தோன்றும். ஆனால் பெரும்பாலான கைப்பிரதிகளில் மூன்றும் ஒரே பக்கத்தில்தான் கெடுகின்றன. கதை நடந்துகொண்டிருக்கும்வரை சொற்கள் எளிமையாகவே இருக்கும். போதனை தொடங்கும் இடத்தில்தான் ‘மனசாட்சி’, ‘நேர்மை’, ‘சமூகம்’ எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியவை

யார் படிக்கப்போகிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். பெரியவர் படித்துக்காட்ட, மடியில் உட்கார்ந்து கேட்கும் குழந்தைக்கு இன்னும் கடினமான சொற்களும் தாங்கும். குரலும் முகமும் பொருள் சொல்லிவிடும். தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அந்த உதவி இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டவை. எந்தப் படிக்கான கதை என்பதைக் கைப்பிரதியின் மேலேயே எழுதிக்கொண்டு வாசிப்பைத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

சொற்களை மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள். வீட்டிலும் தெருவிலும் குழந்தை கேட்கும் சொற்களைத் தொட வேண்டாம். அடுத்தது, குழந்தைக்குத் தெரியாவிட்டாலும் கதையே காட்டிக்கொடுக்கும் சொற்கள்: பரண், கீல், சோழி. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் குழந்தை பரணைப் பார்த்திருக்காது. ஆனால் கதிர் நாற்காலி போட்டு ஏறிக் கையை விட்டுத் துழாவும்போது அது உயரத்தில் பொருள் வைக்கும் இடம் என்று புரிந்துவிடும். கீல் கழன்று பலகை இரண்டாகும்போது கீலும் புரியும். இப்படிப்பட்ட சொற்களுக்காகத்தான் கதையே படிக்கிறோம். அவற்றை வட்டமிட்டு ‘கடினம்’ என்று எழுதுவது பாவம். மூன்றாவது வகைதான் நம் வேலை. ‘செய்வதறியாது’, ‘மனசாட்சி’, ‘பெருந்தன்மை’ போன்றவற்றைக் கதையில் எந்தச் செயலும் காட்டாது, எந்தப் படமும் காட்டாது. அவற்றை மட்டும் சிவப்பில் குறியுங்கள். முழுக் கதையும் முடிந்தபின் சிவப்பு எங்கே திரண்டிருக்கிறது என்று பாருங்கள். பாட்டி பேசும் பக்கத்தில்தான் இருக்கும்.

வாக்கியத்தில் யார் எப்போது வருகிறார் என்று பாருங்கள். கைப்பிரதியில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள்: ‘தன் பாட்டி ஊரிலிருந்து ஆசையாக வாங்கிவந்து பரணில் பத்திரமாக வைத்திருந்த பல்லாங்குழியை எடுத்து விளையாடியபோது கைதவறிக் கீழே விழுந்து உடைந்துவிட்டதைக் கண்ட கதிர் செய்வதறியாது திகைத்தான்.’ மொத்தம் 19 சொற்கள். கதிர் வருவது 17ஆவது சொல்லாக. அதுவரை ‘தன்’ யாருடையது, எடுத்தது யார், விழுந்தது எது என்று எல்லாவற்றையும் குழந்தை கையில் பிடித்துக்கொண்டே வர வேண்டும். தமிழில் பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்ப் பெயரைக் கடைசியில் வைக்க முடியும் என்பதால் வரும் வினை இது.

இதோடு இன்னொரு வாக்கியத்தை ஒப்பிடுங்கள்: ‘கதிர் நாற்காலியைப் போட்டு ஏறி, பரணில் கையை விட்டுத் துழாவி, பல்லாங்குழியை இழுத்து எடுத்தான்.’ 11 சொற்கள். எட்டு வயதுக்கு ஒரு தடையும் இல்லை. ஆள் முதலிலேயே வந்துவிட்டான். வினையெச்சங்கள் நடந்த வரிசையிலேயே நடக்கின்றன. செய்பவன் நடுவில் மாறவில்லை. இப்போது பாட்டியின் வசனம்: ‘கண்ணா, உண்மையையே பேசி நேர்மையாக வாழும் மனிதர்களைத்தான் இந்தச் சமூகம் என்றென்றும் மதித்துப் போற்றும்.’ இதுவும் 11 சொற்கள்தான். ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலிகூட இல்லை. ஆகவே உங்கள் குறிப்பில் ‘வாக்கியம் நீளம்’ என்று எழுதாதீர்கள். ‘கதிரை வாக்கியத்தின் முதலில் கொண்டுவர முடியுமா?’ என்று எழுதுங்கள். எழுத்தாளருக்கு எதைச் செய்ய வேண்டும் என்று உடனே தெரியும்.

சொல்லின் நீளத்தையும் எண்ணுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் முதல் படிக்கு 250 சொற்கள், இரண்டாம் படிக்கு 600, மூன்றாம் படிக்கு 1500 என்று பல மொழிகளுக்கும் பொதுவாக ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு கதையின் பருமனை அறிய அது உதவும். ஆனால் தமிழில் வேற்றுமை உருபு, துணைவினை, கால இடைநிலை எல்லாம் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொள்ளும். ‘உடைந்துவிட்டதைக்’ என்பது கணக்கில் ஒரு சொல். எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு ஒன்பது எழுத்துகள். முதல் படிக் கதைகளில் ஆறேழு எழுத்துகளைத் தாண்டும் சொற்களை அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒரு வரியில் இரண்டு வந்தால் அங்கே குழந்தை நிற்கும்.

கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படியுங்கள். போதனையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி தெரியவில்லை. மறைத்தபின்னும் கதை நிற்கிறது என்றால் அந்தப் பத்தி ஒட்டுவேலை, எடுத்துவிடலாம். கதை தொங்குகிறது என்றால் சிக்கல் பத்தியில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. நிகழ்ச்சிகள் செய்ய வேண்டிய வேலையைப் பாட்டி பேசிச் செய்கிறார். நம் கதை இரண்டாவது வகை.

அப்போது கேட்க வேண்டியது, பொய்யினால் கதைக்குள் யாருக்கு என்ன ஆனது என்பது. காய்ச்சல் பொய்யினால் வருவதில்லை. அது எழுத்தாளர் அனுப்பியது. குழந்தைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களும் பொய் சொல்லியிருக்கிறார்கள், காய்ச்சல் வரவில்லை. ஆனால் பழியைச் சுமந்த பூனை? கைப்பிரதியில் அதற்குப் பிறகு பூனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாட்டி அதைத் திண்ணையில் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கலாம், அன்றைக்குப் பால் வைக்காமல் விட்டிருக்கலாம். இரவில் அது கதவைப் பிறாண்டும் சத்தம் கதிருக்குக் கேட்டால், பாட்டி ஒரு வரிகூடப் பேச வேண்டியதில்லை. போதனை நெடியடிக்கும் கதைகளில் இப்படி மறந்துபோன ஒருவரோ ஒரு பொருளோ பெரும்பாலும் இருக்கும். தேடிப் பாருங்கள்.

குழந்தையிடம் படிக்கக் கொடுங்கள். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சத்தமாகப் படிக்கும்போது எங்கே நிற்கிறது, எங்கே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகிறது என்று பென்சிலால் குறியுங்கள். சொல்லில் நின்றால் சொல் சிக்கல். வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினால் வாக்கியச் சிக்கல். திருப்பிச் சொல்லும்போது எதை விட்டுவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். பாட்டியின் பேச்சை அநேகமாக ‘அப்புறம் பாட்டி திட்டினாங்க’ என்று ஒரே வரியில் கடந்துவிடும்.

செய்யக்கூடாதவை

‘கதையின் நீதி என்ன?’ என்று குழந்தையிடம் கேட்காதீர்கள். பள்ளியில் பழகிய கேள்வி. கதையைப் படிக்காமலேயே ‘பொய் சொல்லக்கூடாது’, ‘ஒற்றுமையே பலம்’ என்று பதில் வந்துவிடும். ‘பூனை எங்கே போச்சு?’ என்று கேளுங்கள்.

எல்லா வாக்கியங்களையும் நான்கு சொல்லாக நறுக்காதீர்கள். ‘கதிர் வந்தான். பரணைப் பார்த்தான். ஏறினான். எடுத்தான்.’ இதைப் படித்தால் தந்தி படித்தது போலிருக்கும். கீல் கழன்று விழும் இடத்தில் மட்டும் குட்டை வாக்கியங்கள் இருக்கட்டும்: ‘கை நழுவியது. டமார்! சோழிகள் உருண்டு ஓடின.’ முன்னால் ஒரு நீண்ட வாக்கியம் இருந்தால்தான் இந்தச் சத்தம் கேட்கும்.

பேச்சைச் செந்தமிழாக்காதீர்கள். விவரிப்பு எழுத்து வழக்கில், உரையாடல் பேச்சு வழக்கில் என்ற ஏற்பாடு குழந்தைக்குக் குழப்பம் தருவதில்லை. ஒரே ஆள் ஒரே மூச்சில் இரண்டையும் கலந்து பேசினால்தான் குழப்பம். ‘வந்துட்ருக்கான்’ போன்ற எழுத்துக்கூட்டல்கள் புதிதாகப் படிக்கும் குழந்தையை நிறுத்திவிடும், அதைத் தவிர்க்கலாம். மற்றபடி பாட்டி பாட்டியாகப் பேசட்டும். ‘சமூகம் என்றென்றும் மதித்துப் போற்றும்’ என்று எந்தப் பாட்டியும் பேரனிடம் பேசியதில்லை. ‘ஏன்டா, நாற்காலி போட்டுப் பரண்ல ஏறுற பூனையா அது?’ என்று கேட்டிருப்பார். பாட்டிக்கு எல்லாம் தெரியும் என்பதும், கதிர் மாட்டிக்கொண்டான் என்பதும் அந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது.

நீதி இருந்தாலே குற்றம் என்று கருதாதீர்கள். பஞ்சதந்திரம் பாடம் சொல்வதற்கென்றே பிறந்தது. அங்கே பாடம் முட்டாள்தனத்துக்குக் கிடைத்த பலனிலிருந்து நேரடியாக வருகிறது, யாருடைய காய்ச்சலும் தேவைப்படவில்லை. நீதிக்கதை என்றே எழுதப்பட்டதை அந்த வகையின் அளவுகோலால் பாருங்கள்.

‘பிரசார நெடி’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பாதீர்கள். எழுத்தாளர் பாட்டியின் ஐந்து வரியை இரண்டாகக் குறைத்து மறுபடி அனுப்புவார். எந்தப் பக்கம், எந்தச் சொல், எந்த நிகழ்ச்சி விடுபட்டது என்று சொல்லுங்கள். அதற்காக முடிவை நீங்களே எழுதிக் கொடுத்துவிடவும் கூடாது. பூனையை உள்ளே விடுவதா, கதிரே கதவைத் திறப்பதா என்பது அவர் கதை.

அட்டையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கதையிலிருந்து வெளியேற்றிய நீதி பின்னட்டையில் ‘பொய்யின் தீமையை உணர்த்தும் கதை’ என்று திரும்பி வந்து நிற்கும். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர்களுக்கான கேள்விகளில் முதல் கேள்வியாக வரும். சில சமயம் ஓவியத்தில் பாட்டி விரலை நீட்டிக்கொண்டிருப்பார். அச்சுக்குப் போகும் முன் இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.