மெல்லச் சரியும் பிராண்டு: காப்பதா, மாற்றுவதா, அறுவடை செய்வதா?

விற்பனை திடீரென விழுந்தால் எவரும் விழித்துக்கொள்வர். ஆண்டுக்கு நான்கைந்து விழுக்காடாகக் குறையும்போதுதான் அது கண்ணில் படுவதில்லை. நாம் ரூபாயைப் பார்க்கிறோம், எடையைப் பார்ப்பதில்லை. ஒரு சலவை சோப்பின் விலை ஆண்டுதோறும் 4 விழுக்காடு உயர, விற்கும் எடை 5 விழுக்காடு குறைகிறது எனக் கொள்வோம். மூன்றாண்டில் எடை 14 விழுக்காடு சரிந்திருக்கும். கணக்கேடோ ஏறத்தாழ 4 விழுக்காட்டுக் குறைவையே காட்டும். வங்கிக் கணக்கு அறிக்கையிலும் இச்சரிவு தெரியாது.

எனவே, முதலில் கிலோக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். அடுத்து, சரிவது எது எனக் கேட்டல் வேண்டும். சந்தை நிலையாக இருக்க நம் பங்கு மட்டும் குறைந்தால், வாங்குவோர் போட்டியாளரிடம் சென்றுள்ளனர். தரத்திலோ, விலையிலோ, கடைகளுக்குச் சரக்கு சென்று சேரும் ஒழுங்கிலோ பழுது இருக்கும். அதைச் சீர்செய்து பிராண்டைக் காக்கலாம். மக்கள் சலவைப் பொடிக்கும் இயந்திரத்திற்கும் மாறியதால் சந்தையே சுருங்குமாயின், எவ்வளவு விளம்பரம் செய்தாலும் அவர்கள் திரும்பார்.

பெயர்மீது நம்பிக்கை நிலைத்திருந்து, வாங்கும் காரணம் மட்டும் பழையதாகிவிட்டால் மாற்றம் பலன் தரும். 1895 முதல் இந்தியாவில் விற்கப்படும் லைஃப்பாய், கார்பாலிக் மணம் வீசும் ஆண்களின் சோப்பாக அறியப்பட்டு, விற்பனை சரிந்து வந்தது. 2002-இல் இந்துஸ்தான் லீவர் அதன் கலவையையும் மணத்தையும் மாற்றிக் குடும்ப நலத்திற்கான சோப்பாக முன்வைத்தது. கிராமங்களில் கைகழுவும் பழக்கத்தைக் கற்பிக்கும் திட்டத்தையும் தொடங்கியது. பெயரும் சிவப்பு நிறமும் மாறவில்லை. பொருளை மாற்றாமல் உறையை மட்டும் மாற்றுவோர் இதைக் கவனித்தல் நலம்.

இவ்விரண்டும் பொருந்தாதபோது அறுவடை. அதாவது, செலவைக் குறைத்து, பிராண்டு எஞ்சிய காலத்தில் தரும் பணத்தை எடுத்துக்கொள்வது. நம் சலவை சோப்பு, விளம்பரத்திற்கு முன் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் ஈட்டுகிறது. விளம்பரச் செலவு 6 லட்சம் என்போம். விளம்பரத்தைத் தொடர்ந்து, ஈட்டம் ஆண்டுக்கு 5 விழுக்காடு குறைந்தால், ஐந்தாண்டில் கைக்கு வருவது சுமார் 60 லட்சம். விளம்பரத்தை நிறுத்தி, ஈட்டம் 12 விழுக்காடு வீதம் குறைந்தாலும் சுமார் 79 லட்சம் வரும். சரிவு 25 விழுக்காடானால் 61 லட்சமே கிட்டும், பிராண்டும் தேய்ந்திருக்கும்.

ஆக, முடிவு அந்தச் சரிவின் வேகத்தைப் பொறுத்தது. அதை ஊகிக்க வேண்டுவதில்லை. ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறு மாதம் விளம்பரத்தை நிறுத்தி, ஒத்த மற்றொரு மாவட்டத்துடன் எடைக் கணக்கை ஒப்பிடலாம். ஆறு மாதத்தில் முழு விளைவும் தெரிந்துவிடாது என்பதால், காணும் சரிவைவிடச் சற்று மிகுதியாகவே கணக்கிடுவது பாதுகாப்பு.

அறுவடையில் தரத்தைக் குறைப்பது பெரும்பிழை. பழகியவர்களும் ஒரே ஆண்டில் விலகுவர். மற்றோர் ஆபத்து கடைத்தட்டில் உள்ளது. விற்பனை ஓர் அளவிற்குக் கீழே சென்றால் கடைக்காரர் சரக்கெடுப்பதையே நிறுத்துவார். அதன்பின் சரிவு படிப்படியாக இராது. மாதந்தோறும் சரக்கெடுக்கும் கடைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கும்போதே இருப்பையும் கடனையும் குறைத்து, வெளியேறும் நாளைக் குறித்துக்கொள்ளலாம்.