+91-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம்

சின்ன கிளினிக்கின் வெப்சைட்டை யாரும் பொழுது போகாமல் திறப்பதில்லை. டோக்கன் போடத்தான் திறக்கிறார்கள். டாக்டரின் படம், வரவேற்பு வாசகம், முகப்பில் மாறி மாறி ஓடுகிற பச்சை இலைகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விரல் நேராகப் போகிற இடம் போன் பட்டன்தான். அதைத்தான் வெப்சைட் போட்டுத் தருகிறவர்கள் கடைசி நாள் ராத்திரி அவசரத்தில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் கிளினிக் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், களியக்காவிளை எல்லையிலிருந்து ஆட்டோவில் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் டாக்டர். ரிசப்ஷன், பில், வெப்சைட் எல்லாம் என் தலையில். வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பக்கத்து மலையாளிகள், மீதிப்பேர் இஞ்சிவிளை, களியக்காவிளை, படந்தாலுமூட்டுத் தமிழர்கள். 1956-இல் விளவங்கோடு தாலுகா மதராஸ் பக்கம் போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதிலிருந்து கல்யாணமும் வைத்தியமும் எல்லையைப் பார்த்து நடந்ததில்லை. எஸ்.டி.டி. கோடு மட்டும் பார்க்கிறது. எங்களுக்கு 0471, ரோட்டுக்கு அந்தப் பக்கம் 04651.

இது போக இன்னொரு கூட்டம் உண்டு. அம்மா இங்கே, மகன் வளைகுடாவில். அம்மாவுக்குச் சுகர் ஏறினால் டோக்கன் போடுகிறது அங்கிருக்கிற மகன். எங்கள் கதை கெட்டது இந்தக் கூட்டத்திடம்தான்.

"அக்கா, நீங்க போன எடுக்கவே மாட்டீங்களா? எப்ப அடிச்சாலும் போகல்ல" என்று துபாயிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினான். எனக்குக் கோபம் வந்தது. மேசைமேல் அந்த போன் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறது, இவன் எடுக்கவில்லை என்கிறான். அவனுடைய அம்மா டோக்கன் இல்லாமல் வந்து, எல்லாரும் பார்த்து முடிகிறவரை பெஞ்சில் இருந்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. நெய்யாற்றின்கரையில் வேறு இடத்தில் காட்டுவதாகக் கேள்வி. இப்படி எத்தனை பேர் சொல்லாமலே போனார்களோ.

பட்டனுக்குள் இருந்தது இதுதான். என் எண்ணை இங்கே எழுதவில்லை, X என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```html
<a href="tel:0471-2XXXXXX">0471-2XXXXXX</a>
```

பார்த்தால் பழுது எதுவும் தெரியாது. வெப்சைட் போட்ட பையனிடம் சொன்னேன். தன் மொபைலை எடுத்துத் தட்டினான், என் மேசையில் மணி அடித்தது. "மேடம், ஒர்க் ஆகுதே!" என்றான். எங்கள் ஊரில் நின்று தட்டினால் அடிக்கத்தான் செய்யும். களியக்காவிளையில் தமிழ்நாட்டு சிம்மிலிருந்து தட்டினாலும் அடிக்கும். முன்னால் நிற்கிற 0 நாட்டுக்குள்ளே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்கானது. அது இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும்.

துபாய் நெட்வொர்க்குக்கு அந்த எண் எப்படித் தெரியும் என்று பாருங்கள். துபாய் நகரத்தின் லேண்ட்லைன் கோடு 04. அதற்குப் பின்னால் ஏழு இலக்கம். நம் 0471 அங்கே போய் நின்றால் "04, துபாய், 71..." என்றுதான் ஆரம்பிக்கும். முழு எண்ணும் உள்ளூர் எண்ணைவிட இரண்டு இலக்கம் நீளம் வேறு. பாறசாலை என்று ஓர் ஊர் இருப்பதே அந்த நெட்வொர்க்குக்குத் தெரிய வழியில்லை. பட்டனில் எந்த நாடு என்று சொல்லவே இல்லையே. அந்தத் தம்பி சொன்னது சத்தியம்.

பையனிடம் மறுபடியும் போய், வெளிநாட்டிலிருந்து போகவில்லை, நாட்டுக் கோடு போடு என்றேன். போட்டான். எப்படிப் போட்டான் தெரியுமா?

```html
<a href="tel:+91(0)471-2XXXXXX">+91 (0)471-2XXXXXX</a>
```

விசிட்டிங் கார்டில் இப்படி அடிக்கிறவர்கள் இன்றும் உண்டு. "வெளிநாட்டிலிருந்து என்றால் அடைப்புக்குள் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிடு" என்று மனுஷனுக்குச் சொல்கிற குறிப்பு அது. படிக்கிறவர் புரிந்துகொள்வார். மொபைல் புரிந்துகொள்ளாது. `tel:` இணைப்பை எப்படி எழுத வேண்டும் என்று வகுத்திருக்கிற ஆவணம் 2004-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3966. அதன்படி அடைப்புக்குறி, புள்ளி, நடுக்கோடு எல்லாம் கண்ணுக்காக இருக்கிற பிரிப்பான்கள். டயல் பண்ணும்போது அவை உதிர்ந்துவிடும், உள்ளே இருக்கிற இலக்கம் மட்டும் நிற்கும். ஆக மொபைல் டயல் பண்ணுவது +910471 என்று தொடங்குகிற எண். 91-க்குப் பின்னால் 0-வில் தொடங்குகிற எண் இந்தியாவில் எதுவும் கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், இங்கே சில போனில் அதுவும் போனது. இடையிலிருக்கிற பூஜ்யத்தைச் சில நெட்வொர்க் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் போல. எனவே பையன் இரண்டாவது தடவையும் தட்டிக் காட்டினான், மேசையில் மணி அடித்தது, பாக்கிக் காசையும் வாங்கிக்கொண்டு போனான். துபாயில் நிலைமை மாறவில்லை. இதற்குப் பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். சரியான வரி இது:

```html
<a href="tel:+914712XXXXXX">0471-2XXXXXX</a>
```

இரண்டு இடத்திலும் எண் ஒரே மாதிரி இல்லாததைக் கவனியுங்கள். மேற்கோளுக்குள் இருப்பது மொபைலுக்கு, வெளியே தெரிவது மனுஷருக்கு. கண்ணுக்குத் தெரியும் எண்ணை நான் வேண்டுமென்றே உள்ளூர் வழக்கத்தில் விட்டேன். வீட்டு லேண்ட்லைனிலிருந்து பார்த்து அமுக்குகிற பெரியவர்களுக்கு 0471 தான் பழக்கம், +91 என்றால் மிரண்டுவிடுவார்கள். வளைகுடாக்காரர்களுக்காகக் கீழே சின்ன எழுத்தில் +91 471 2XXXXXX என்றும் தனியாகப் போட்டிருக்கிறேன், அடைப்புக்குறி இல்லாமல். அவர்கள் அதை அப்படியே போனில் சேமித்துக்கொள்வார்கள்.

சரிபார்க்க எண்ணத் தெரிந்தால் போதும். இந்தியாவில் 0-வை எடுத்துவிட்டால் சாதாரண லேண்ட்லைன், மொபைல் எண் எதுவும் பத்து இலக்கம்தான். எங்கள் பக்கம் 471-உம் ஏழு இலக்கமும் பத்து. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் 4651-உம் ஆறு இலக்கமும் பத்து. மொபைலும் பத்து. ஆகவே `tel:` என்பதற்குப் பின்னால் கூட்டல் குறியையும் சேர்த்து சரியாகப் பதின்மூன்று எழுத்து வரவேண்டும். பதினான்கு வந்தால் பெரும்பாலும் அந்தப் பூஜ்யம் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

அதைப் பார்க்க கம்ப்யூட்டர் வேண்டாம். ஆண்ட்ராய்டில் பட்டனைத் தட்டினால் உடனே அடிக்காது, டயல் பண்ணுகிற இடத்தில் எண் வந்து நிற்கும். பச்சையை அமுக்காமல் அங்கேயே எண்ணிப் பாருங்கள். ஐபோனில் கூப்பிடவா என்று கேட்டு எண்ணைக் காட்டும். மேசையில் மணி அடிக்கிறதா என்று பார்ப்பது சோதனையே அல்ல. எந்த எண் போகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. அப்புறம் வெளிநாட்டில் இருக்கிற ஒருவரை, அந்த நாட்டு சிம்மிலிருந்து, ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் உண்டா என்ன.

மொபைல் எண்ணுக்கும் இதே பூஜ்யச் சிக்கல் உண்டு. 2021 ஜனவரி 15-இலிருந்து லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிட முன்னால் 0 போட்டாக வேண்டும். அதனால் பலகையிலும் சீட்டிலும் மொபைல் எண்ணை 0-வோடு எழுதுகிற பழக்கம் வந்தது. பலகையில் இருக்கட்டும், அங்கே அது சரிதான். பலகையைப் பார்த்து வெப்சைட்டில் தட்டச்சு செய்கிறவர் அதையும் +91-க்குப் பின்னால் ஒட்டிவிடுவார்.

பழைய லெட்டர்பேடில் "2XXXXX1 / 2" என்று இரண்டு லைனைச் சேர்த்து அடித்திருப்பார்கள். அதை அப்படியே ஒரே இணைப்பில் போடாதீர்கள், சாய்கோட்டுக்கு அந்தப் பக்கத்து 2-உம் எண்ணின் வாலில் சேர்ந்து போய்விடும். இரண்டு எண் என்றால் இரண்டு பட்டன். எண்ணுக்கு நடுவே இடைவெளியும் வேண்டாம், அந்த ஆவணம் அதற்கு இடம் தரவில்லை. வாட்ஸ்அப்பிலிருந்தோ காண்டாக்ட்டிலிருந்தோ எண்ணை நகல் எடுத்து ஒட்டாமல் கையால் அடியுங்கள். நகல் எடுத்த எண்ணோடு கண்ணுக்குத் தெரியாத குறிகள் சில நேரம் ஒட்டிக்கொண்டு வரும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிராணன் போய்விடும்.

வாட்ஸ்அப் பட்டன் வைக்கிறவர்கள் மேலே சொன்னதை அப்படியே அங்கே கொண்டுபோகாதீர்கள். அதற்குச் சட்டம் வேறு, கூட்டல் குறியும் இருக்கக் கூடாது:

```html
<a href="https://wa.me/91XXXXXXXXXX">வாட்ஸ்அப்</a>
```

ஐபோன் சபாரி இன்னொரு வேலை செய்யும். பக்கத்தில் போன் எண் மாதிரித் தெரிகிற எதையும் தானாகவே இணைப்பாக்கிவிடும். எங்கள் கிளினிக் பதிவு எண்ணைத் தட்டி யாரையோ கூப்பிட்டவர் உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் இந்த ஒரு வரி போட்டதும் அது நின்றது. நீங்களாக `tel:` போட்டு வைத்த பட்டனை இது தொடாது.

```html
<meta name="format-detection" content="telephone=no">
```

இவ்வளவு பாடுபட்டதற்கு ஆப் போட்டிருக்கலாமே என்று மைத்துனர் இன்றும் சொல்கிறார். சாயங்காலம் டோக்கன் திறக்கிற நேரத்தில் ரிசப்ஷனில் வந்து நிற்கச் சொன்னேன், வரவில்லை. "டாக்டர் இண்டோ?" என்று ஒரு குரல், "பல்லு எடுக்க இன்னைக்கு வரலாமா?" என்று ஒரு குரல், இங்கே பல் டாக்டர் இல்லை என்று சொல்லித் தீர்வதற்குள் அடுத்த குரல். இதற்கெல்லாம் ஆப்பில் கட்டம் கிடையாது. லேண்ட்லைனை விடாமல் வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான்: ரிசப்ஷன் பெண் மாறினாலும் எண் மாறாது, சொந்த மொபைலில் டோக்கன் எழுதிவிட்டு அவள் வேலையை விட்டுப்போனால் நாளைக் கூட்டம் அவளைத்தான் கூப்பிடும்.

பையனுக்கு ஒரு மரியாதைக்குப் போன் பண்ணிச் சரியான வரியைச் சொன்னேன். "ஓ, அப்படியா மேடம்" என்றான். அவன் செய்து கொடுத்த மற்ற கிளினிக்குகளின் பக்கங்களைப் போய்ப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் அங்கெல்லாம் இன்னும் அப்படியே இருக்கிறது. உங்கள் பக்கத்தை அவன்தான் செய்தானா என்று கேட்கமாட்டேன், பட்டனைத் தட்டி எண்ணிவிடுங்கள்.