தேன் நிறக் கண்ணாடியும் காலை வெயிலும்

பதினோரு வருடமாக வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி வந்தால் தொடர்ந்து நான்கு இரவு, 8 மணிக்கு ஏறி மறுநாள் காலை 8 மணிக்கு இறங்குவோம். வீட்டுக்கு வந்து படுத்தால் அசதியில் உடனே தூக்கம் வந்துவிடும். ஆனால் பகல் 12 மணிக்கெல்லாம் டக்கென்று விழிப்பு வந்துவிடும். அப்புறம் என்ன புரண்டாலும் தூங்க முடியாது.

இதற்காக முதலில் வாங்கியது ‘ப்ளூ கட்’ கண்ணாடி. கடைக்காரத் தம்பி ஒரு சின்ன டார்ச்சை அட்டையில் அடித்தார், ஊதா வட்டம் விழுந்தது. நடுவில் கண்ணாடியைப் பிடித்தார், வட்டம் காணாமல் போனது. “பாத்தீங்களா சிஸ்டர், ப்ளூ லைட்டு மொத்தமா நின்னுடுச்சு” என்றார். 1,800 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று மாதம் போட்டேன். தூக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த டார்ச்சின் ஒளி பொதுவாக 405 நானோமீட்டர் சுற்றி வரும் ஊதா. அதைத் தடுப்பது சுலபம். ஆனால் ‘பகல் வந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்வது வேறு ஒளி. பார்வைக்கான செல்கள் போக, விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி உள்ள தனி செல்கள் இருக்கின்றன. அவை அதிகம் அசைந்து கொடுப்பது 480 நானோமீட்டர் பக்கம், அதாவது வானத்து நீலத்துக்கு. வெள்ளையாகத் தெரியும் ப்ளூ கட் லென்ஸ் அந்த நீலத்தில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. விடாமல் இருந்தால் அது வெள்ளையாகத் தெரியவே தெரியாது.

நீலத்தை நிஜமாகவே நிறுத்துவது தேன் நிறத்தில், ஆரஞ்சு சாயலில் இருக்கும் லென்ஸ். அதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். போனில் முழுத்திரைக்கும் அடர் நீலப் படம் ஒன்றை வையுங்கள். கண்ணாடி வழியே அது கறுப்பாகத் தெரிந்தால் வேலை செய்கிறது, நீலமாகவே தெரிந்தால் காசு தண்டம். பக்கவாட்டில் சந்து இல்லாமல் கண்ணை ஒட்டி வளைந்திருப்பதும் முக்கியம். ஓரத்தில் நுழையும் வெயிலுக்கு லென்ஸ் என்ன செய்யும்?

நான் அதைப் போடுவது ஒரே நேரத்தில்தான். காலையில் டூட்டி முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போடுவேன், படுக்கும்வரை கழற்ற மாட்டேன். வார்டு விளக்கு சில நூறு லக்ஸ் என்றால், 8 மணி வெயில் பல்லாயிரம். அந்த வெளிச்சம்தான் உடம்புக் கடிகாரத்தை மறுபடி பகல் ஆளாக இழுத்துப் பிடிக்கிறது. முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் 2 மணிவரை தூங்கினேன். அதில் கண்ணாடிக்கு எவ்வளவு பங்கு, ஜன்னலில் போட்ட கனத்த திரைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. திரைக்கே அதிகம் என்று தோன்றுகிறது. கடும் வெயிலில் தேன் நிற லென்ஸ் வழியாகவும் நிறைய வெளிச்சம் உள்ளே வரும். கேஸ் சிலிண்டர்காரர் ஹாரனை அது தடுக்காது, கடைசி டீயின் வேலையையும் தடுக்காது.

வார்டுக்குள் ஒரே ஒரு முறை போட்டேன். விடியற்காலை ரத்தம் எடுக்க டியூப்களை எடுத்து வைக்கிறேன். ரத்த அணுக்கள் எண்ண லாவெண்டர் மூடி, சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. இரண்டும் ஒரே மண் நிறமாகத் தெரிந்தன. மாற்றி எடுத்துவிட்டேன், லேபிள் ஒட்டும்போது கூட இருந்த அக்கா பார்த்துச் சொன்னார். அந்தக் கண்ணாடியோடு பார்த்தால் எல்லார் கண்ணிலும் மஞ்சள் காமாலைதான், உதடு நீலம் பாய்வதோ தெரியவே தெரியாது. நிறம் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு டூட்டியில் இது ஆகாது. அதோடு, இரவில் விழித்திருக்க வெளிச்சம் நமக்குத் தேவைப்படுகிறது.

நாலாவது இரவு முடிந்த காலையில் நான் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. மறுநாளிலிருந்து பிள்ளைகளோடு பகல் வாழ்க்கை, அதற்கு வெயில் கண்ணில் படத்தான் வேண்டும். இரண்டு மணிநேரம் மட்டும் தூங்கி எழுந்துவிடுவேன். ஒரே ஒரு இரவு டூட்டி என்றாலும் இதே கணக்குதான்.

ஸ்கூட்டியில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரவெல்லாம் விழித்தவரை வண்டியில் கொஞ்சமாவது உஷாராக வைத்திருப்பது அந்தக் காலை வெளிச்சம்தான். ஆம்புலன்ஸின் நீலச் சுழல்விளக்கும் இந்த லென்ஸில் மங்கிப் போகும். வண்டி ஓட்டும்போது போடாதீர்கள், வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.