டைல்ஸ் மாற்றியதற்கு வரி கூடுமா?

வீட்டைப் புதுப்பித்த கையோடு சொத்து வரி எகிறினால், முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல, பரப்பளவை. தமிழ்நாட்டில் கட்டடத்தின் பரப்பளவு, பயன்பாடு, அமைந்துள்ள பகுதி ஆகியவற்றை வைத்தே அரையாண்டு வரி கணக்கிடப்படுகிறது. தரைக்கு டைல்ஸ் போட்டதாலோ, சமையலறையைச் சீரமைத்ததாலோ பரப்பளவு ஒரு சதுர அடிகூடக் கூடாது.

ஓர் உதாரணம். 900 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டு வரி 1,800 ரூபாய். மராமத்துக்குப் பின் 2,600 என்று வருகிறது. கேட்பு அறிவிப்பில் பரப்பளவு 1,300 சதுர அடி. உயர்த்திக் கட்டிய கைப்பிடிச் சுவரைப் பார்த்து, 20க்கு 20 அடி திறந்த மொட்டை மாடியையும் அறையாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த 400 சதுர அடிதான் 800 ரூபாயாக ஏறியிருக்கிறது.

மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும் ஆட்சேப மனு எழுத வேண்டும். 'வரி அதிகம், குறைக்கவும்' என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. வரி விதிப்பு எண், பழைய பரப்பளவு, புதிய பரப்பளவு, வித்தியாசம் எங்கே வந்தது என்பதை எழுதி, 'நேரில் மறு அளவீடு செய்யக் கோருகிறேன்' என்று முடிக்கலாம். பழைய ரசீது, அனுமதி பெற்ற வரைபடம், மாடியின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும்.

உண்மையிலேயே மாடியில் அறை எழுப்பியிருந்தால் உயர்வு செல்லும். அளவு சரிதானா என்று மட்டுமே கேட்க முடியும்.

அறிவிப்பில் உள்ள கெடுவுக்குள் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.